புதன்கிழமை வித்தியாசம்

ஆரோக்கியமேரி வேலைக்குத் திரும்பி வந்த அன்று யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. தி. நகர் உஸ்மான் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், பாத்திரக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் அந்த ஆபீஸ் இருந்தது. ஒன்பது பேர் வேலை செய்தார்கள். அவள் உள்ளே வந்ததும் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் தங்கள் கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள். முதலாளி சுயம்புலிங்கம் மட்டும் கண்ணாடி அறையிலிருந்து எழுந்து வந்து, மேஜை ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றார்.

"வந்துட்டியாம்மா. ஆறு வாரம் எடுத்துக்கன்னு சொன்னேனே, நாலாவது வாரமே வந்து நிக்கியே?"

"வீட்ல சும்மாதான் சார் இருக்கேன்."

"சரிம்மா. மெதுவாப் பாரு."

அவ்வளவுதான். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து உண்டான குழந்தை ஏழாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அசையாமல் போய்விட்டது. திருவல்லிக்கேணி அரசு மகப்பேறு மருத்துவமனையில் ஐந்து நாள் இருந்தாள். அவள் கணவன் ஜவஹர், மந்தைவெளி ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவன், அந்தச் சின்ன மூட்டையை வாங்கிக்கொண்டு தன் அண்ணனோடு போய்விட்டுத் திரும்பி வந்தான். எங்கே அடக்கம் செய்தார்கள் என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

அவளுக்கு அழுகை வரவில்லை. அதுதான் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் பயமாக இருந்தது. பெரும்பாக்கத்திலிருந்து வந்த அம்மா, "வாயைத் தொறந்து அழுதுடு மேரி, உள்ள வெச்சிக்காத" என்று தினமும் சொன்னாள். உள்ளே எதையும் வைத்துக்கொண்டிருப்பதாக மேரிக்குத் தோன்றவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் தன்னுடையதாக இல்லாமல் போகுமே, அதுபோல உடம்பு முழுக்க இருந்தது. சோறு இறங்கியது. தூக்கம் வந்தது. யாராவது கூப்பிட்டால் பதில் வந்தது.

அவள் பார்த்த வேலை என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதலில் கீழே, இதே குடும்பத்தின் பாத்திரக்கடையில்தான் பில் போடச் சேர்ந்தாள். குத்துவிளக்கு எடை பில்லில் ஏறியதற்கும் தராசில் நின்றதற்கும் நூறு கிராம் வித்தியாசம் இருந்தால் போகிற வாடிக்கையாளரைக் கூப்பிட்டு நிறுத்துவாள். தபால் வழியில் பி.காம் முடித்தாள். முதலாளி வீட்டுப் பிள்ளை சுயம்புலிங்கம் மாடியில் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கணக்குப் பார்க்கும் ஆபீஸ் தொடங்கியபோது, "அந்தப் பில் போடுற பொண்ணை எனக்குக் குடுங்க" என்று பெரியப்பாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். அது ஆகிவிட்டது ஆறு வருஷம்.

கடந்த இரண்டு வருஷமாக அவளிடம் இருந்தது சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் உதிரிபாகம் விற்கும் ஒரு கம்பெனியின் கணக்கு. அவர்கள் சரக்குக்காரர்களுக்குப் பணத்தை கிரிப்டோ என்னும் இணைய நாணயத்தில் அனுப்புவார்கள். யு.எஸ்.டி.டி என்று ஒரு நாணயம். ஒன்று என்றால் கிட்டத்தட்ட ஒரு டாலர். அந்த நாணயத்தை வாங்கி விற்கும் இரண்டு எக்ஸ்சேஞ்சுகளில் அவர்களுக்குக் கணக்கு இருந்தது, வாங்கியதை வைத்துக்கொள்ள ஐந்து வாலட் இருந்தது. தினமும் காலை ஒன்பது மணிக்கு மேரி அந்த ஏழு கணக்கையும் ஒவ்வொன்றாகத் திறந்து இருப்பைப் பார்ப்பாள். பார்க்க மட்டும்தான் முடியும். ஒரு பைசா நகர்த்த அவளிடம் சாவி கிடையாது. எக்ஸ்சேஞ்சில் அவளுக்குக் கொடுத்திருந்த லாகின் பார்வைக்கு மட்டும். வாலட்டுக்கு அதுகூடத் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடு இணையத்தில் இருக்கிறது, முகவரியைப் போட்டால் வந்தது போனது எல்லாம் தெரியும்.

நேற்றைய இருப்பு. அதோடு வந்தது கூட்டு. போனது கழி. கட்டணம் கழி. இவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒரு கட்டம், இவ்வளவு இருக்கிறது என்று பக்கத்துக் கட்டம். இரண்டும் ஒன்றாக இருந்தால் பச்சை. இல்லாவிட்டால் வித்தியாசத்தை எழுதி, அது எந்தப் பரிமாற்றத்தால் வந்தது என்று அதன் எண்ணையும் போட வேண்டும். யாருக்கும் தெரியாமல் பணம் வெளியே போயிருந்தால் அன்றைக்கே தெரிந்துவிட வேண்டும், மாதக் கடைசியில் தெரிந்து பிரயோஜனமில்லை. இதற்காகத்தான் சம்பளம்.

திரும்பி வந்த பிறகு அந்த வேலைதான் அவளுக்குச் சௌகரியமாக இருந்தது. எண்கள் உச்சுக் கொட்டவில்லை. அவள் லீவில் இருந்தபோது அவளுடைய வேலையையும் சேர்த்துப் பார்த்த ருக்சார், பக்கத்து மேஜைக்காரி, தன் டிபன் டப்பாவிலிருந்து பாதியை எடுத்து அவள் தட்டில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் சாப்பிடுவாள். மேரியும் சாப்பிடுவாள்.

இரண்டாவது வாரம் திங்கட்கிழமை மூன்றாம் நம்பர் வாலட்டில், இருக்க வேண்டியதைவிட 0.001 கூடுதலாக இருந்தது. ஒரு டாலரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. குறிப்பில் 'சில்லறை' என்று அடித்துவிட்டு அடுத்த வாலட்டுக்குப் போனாள். பரிமாற்ற எண் போடவில்லை.

புதன்கிழமை அதே வாலட்டில் பத்து குறைந்தது. சரியாகப் பத்து.

அதை அவள் பார்த்தாள். பார்க்கவில்லை என்று பின்னால் அவளால் சொல்லிக்கொள்ள முடியவில்லை. கண்ணில் பட்டது, பத்து என்று மனதில் படித்ததும் ஞாபகம் இருந்தது. 'கட்டணம்' என்று அடித்தாள். இருப்பதையே நாளைய தொடக்க இருப்பாக எடுத்துக்கொண்டாள். கட்டத்தின் நிறத்தைக் கையால் பச்சையாக மாற்றிவிட்டு, எழுந்து போய் தண்ணீர் குடித்தாள்.

அந்த வாலட்டில் கட்டணம் யு.எஸ்.டி.டியில் போகாது. அந்த வாலட்டின் பணம் ஓடும் வலைப்பின்னலுக்கென்று டி.ஆர்.எக்ஸ் என்று தனி நாணயம் உண்டு, கட்டணமெல்லாம் அதிலிருந்துதான் பிடிப்பார்கள். யு.எஸ்.டி.டியில் பத்து குறைந்திருக்கிறது என்றால் யாரோ யாருக்கோ பத்து அனுப்பியிருக்கிறார்கள். வேறு வழியே இல்லை. இதை ருக்சாருக்குக் கற்றுக்கொடுத்ததே மேரிதான்.

வியாழக்கிழமை காலையில் ஜவஹர் அவளைப் பனகல் பார்க் பக்கத்தில் இறக்கிவிட்டான். "மதியானம் துன்னு. நேத்து டப்பா அப்டியே கீது" என்றான். தலையாட்டினாள். ஒன்பது மணிக்கு வேலையைத் தொடங்கினாள். முதல் எக்ஸ்சேஞ்ச் சரி. இரண்டாவது சரி. முதல் இரண்டு வாலட்டும் சரி.

மூன்றாவதில் மறுபடி 0.001 கூடுதல்.

'சில்லறை' என்று அடிக்கப் போனவள், மேலே மூன்று வரி தள்ளித் தான் ஏற்கெனவே எழுதியிருந்த 'சில்லறை'யைப் பார்த்தாள். நடுவில் 'கட்டணம்'. அதற்கு நேராகப் பத்து. தசமத்துக்குப் பிறகு வெறும் சுழியாக இருந்தது. சோற்றில் கல் கடிபட்டதுபோல் இருந்தது அவளுக்கு. வலியோ பயமோ இல்லை. கல் என்று மட்டும் தெரிந்தது.

உடனே தேடினாளா என்றால் இல்லை. திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீ வந்தது. ஆடை கட்டியது. கீழே கடையில் எவர்சில்வர் அண்டாவை யாரோ தட்டித் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மறுபடி கடிகாரத்தைப் பார்த்தபோது ஒன்பது நாற்பது. எத்தனை நேரம் அப்படி இருந்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

பொதுப் பதிவேட்டைத் திறந்து வாலட்டின் முகவரியைப் போட்டாள். செவ்வாய்க்கிழமை மாலை பத்து யு.எஸ்.டி.டி வெளியே போயிருந்தது. போன முகவரியைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் ஆறுதலாக இருந்தது. தெரிந்த முகவரிதான். ஹாங்காங் சரக்குக்காரருடையது. T-யில் தொடங்கி முதல் ஐந்து எழுத்தும் அதே, கடைசி நாலு எழுத்தும் அதே. போன வெள்ளிக்கிழமைகூட அவருக்கு ஒரு தொகை போயிருந்தது. சோதனைக்குப் பத்து அனுப்பியிருப்பார்கள், கணக்கில் எழுத மறந்திருப்பார்கள்.

அப்படியே மூடியிருக்கலாம். ஆனால் அந்தப் பத்துக்கு முன்னும் பின்னும் வந்த இரண்டு 0.001-ம், அந்தப் பத்தும் ஒரே முகவரியோடு சம்பந்தப்பட்டிருந்தன. ஹாங்காங்காரர் எதற்காக இவர்களுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு டாலரை அனுப்ப வேண்டும்?

அங்கீகரித்த முகவரிகளின் பட்டியலைத் திறந்தாள். ஹாங்காங்காரரின் முகவரியை எடுத்து ஒரு கட்டத்தில் ஒட்டினாள். பத்து போன முகவரியை அதற்கு நேர் கீழே ஒட்டினாள். முப்பத்து நான்கு எழுத்து. பேனா முனையைத் திரையில் வைத்து, பில் சரிபார்க்கிற பழைய பழக்கத்தில் ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திக்கொண்டு போனாள். ஐந்து வரைக்கும் ஒன்று. ஆறாவது எழுத்து மேலே ஒன்று, கீழே வேறு. ஏழாவதும் வேறு. நடுவில் இருந்த இருபத்தைந்தில் ஒன்றிரண்டு தவிர எதுவும் ஒத்துவரவில்லை.

பதிவேட்டில் வெள்ளிக்கிழமை பணம் போனதை யாரோ பார்த்திருக்கிறார்கள். தலையும் வாலும் அசல் மாதிரியே இருக்கிற ஒரு முகவரியை உருவாக்கி, அதிலிருந்து இந்த வாலட்டுக்குத் துளியூண்டு பணத்தைப் போட்டிருக்கிறார்கள். அடுத்த முறை பணம் அனுப்புகிறவர் பழைய வரவு செலவிலிருந்து முகவரியை எடுத்து ஒட்டினால், தலையையும் வாலையும் பார்த்து ஏமாந்து போவார் என்று. சிங்கப்பூரில் யாரோ ஏமாந்து போய்ப் பத்து டாலர் அனுப்பியும் பார்த்துவிட்டார்.

சோதனைக்குப் பத்து அனுப்பினார்கள் என்றால் அடுத்தது பெரிய தொகை. மேரி இன்றைய பணம் செலுத்தும் பட்டியலைத் திறந்தாள். ஹாங்காங், முன்பணம் அறுபதாயிரம். அதன் கீழே, ஹாங்காங், மீதி ஒரு லட்சத்து எண்பதாயிரம்.

விதி அவளுக்கு மனப்பாடம். பட்டியலில் இல்லாத முகவரிக்குப் பணம் போயிருந்தால் மெயில் எழுதிக்கொண்டு உட்காரக் கூடாது, போன் செய்ய வேண்டும். சிங்கப்பூரில் பணம் செலுத்துவதற்குப் பொறுப்பானவள் ஸ்நேஹா. அடையாற்றில் பிறந்து வளர்ந்தவள், மேரியோடு எப்போதும் தமிழில்தான் பேசுவாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. அங்கே மணி பன்னிரண்டேகால். இரண்டு கம்பெனிக்கும் பொதுவான வாட்ஸப் குழுவில், 'மூன்றாம் வாலட்டிலிருந்து ஹாங்காங்குக்கு எதுவும் அனுப்ப வேண்டாம். முகவரி தவறு. போன் எடுக்கவும்' என்று போட்டுவிட்டு மூன்றாவது முறை அடித்தாள்.

"சொல்லு மேரி, மீட்டிங்ல இருந்தேன்."

"மேடம், ஹாங்காங் பேமெண்ட்டை நிறுத்துங்க. செவ்வாக்கிழமை பத்து டாலர் போச்சே, அது அவங்க முகவரி இல்ல. அதே மாதிரி இருக்கற வேற முகவரி."

"எந்தப் பத்து டாலர்? எனக்கு எந்தப் பத்து டாலரும் தெரியாதே."

"மேடம், மொதல்ல நிறுத்துங்க. அப்புறம் சொல்றேன்."

நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம், செருப்புச் சத்தம், ஸ்நேஹா யாரிடமோ ஆங்கிலத்தில் கத்துவது எல்லாம் கேட்டது. மேரி போனைக் காதில் வைத்துக்கொண்டு திரையைப் புதுப்பித்தாள். ஒன்பது ஐம்பத்து நான்கு. மேல் வரியில் புதிதாக ஒன்று வந்திருந்தது. வெளியே, அறுபதாயிரம். ஏழு நிமிஷத்துக்கு முன்னால்.

எழுந்து பின்னால் வந்து நின்றிருந்த ருக்சார், "அல்லாவே" என்றாள்.

ஸ்நேஹா மூச்சு வாங்கிக்கொண்டு போனுக்குத் திரும்பினாள். "அட்வான்ஸ் போயிருச்சு மேரி, அதுக்குக் காலைலயே ஓகே குடுத்திருந்தேன். எங்க ஆளு பேலன்ஸைத் தயார் பண்ணி வெச்சிருக்கான், என் அப்ரூவலுக்கு வந்து நிக்குது. நான் இப்ப மீட்டிங் முடிஞ்சு வந்தவுடனே ஓகே பண்றதா இருந்தேன். கேன்சல் பண்ணிட்டேன்." "அந்த அறுபதைத் திருப்பிக் கூப்பிட முடியாதுல்ல?"

"முடியாது மேடம்."

முடியாதுதான். பாங்கியில் போட்ட செக் மாதிரி இல்லை அது. அந்த நாணயத்தை வெளியிடும் கம்பெனிக்கு எழுதி, அந்த முகவரியை முடக்கச் சொல்லலாம். போலீஸில் புகார் கொடுக்கலாம். இரண்டையும் அன்று மதியத்துக்குள் செய்தார்கள். ஆனால் மேரி பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பத்து மணி ஆறு நிமிஷத்துக்கு, அறுபதாயிரம் மூன்றாகப் பிரிந்து மூன்று இடத்துக்குப் போய், அங்கே வேறு நாணயமாக மாறிவிட்டது. ஒவ்வொன்றாக எல்லார் கண் முன்னாலும் நடந்தது. பூட்டின கண்ணாடி அலமாரிக்கு வெளியே நின்று பார்ப்பதுபோலத்தான் பார்க்க முடிந்தது.

பிறகு அன்றைக்கு நடந்தது மேரிக்குப் புரியாத விஷயம். எல்லாரும் அவளைப் பாராட்டினார்கள். சிங்கப்பூர்க் கம்பெனியின் முதலாளியே வீடியோவில் வந்து நன்றி சொன்னார். ஒரு லட்சத்து எண்பதாயிரம் டாலரைக் காப்பாற்றியிருக்கிறாள், ஒன்றரைக் கோடி ரூபாய் என்று சுயம்புலிங்கம் ஆபீஸ் நடுவில் நின்று சொன்னார். கீழே ஆள் அனுப்பி எல்லாருக்கும் பாதாம் அல்வா வரவழைத்தார். அங்கே பணம் அனுப்புகிறவர் வேலைக்குச் சேர்ந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது; சோதனைக்கு அனுப்பிய பத்தைப் பெரிய தொகையோடு சேர்த்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்; போய்ச் சேர்ந்தது என்று பதிவேட்டில் பார்த்தாரே தவிர, வந்ததா என்று ஹாங்காங்காரரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாத் தப்பும் அந்தப் பக்கம்தான் என்று சுயம்புலிங்கத்துக்கு நிம்மதி.

மேரி அல்வாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். நெய் விரலிடுக்கில் வழிந்தது.

நடந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த மணிக்கு எது கண்டுபிடிக்கப்பட்டது, யார் யாருக்குச் சொன்னார்கள் என்று. மதியம் மூன்று மணிக்கு எழுதி முடித்து சுயம்புலிங்கத்துக்கு அனுப்பினாள். ஐந்து நிமிஷத்தில் கண்ணாடி அறையிலிருந்து கூப்பிட்டார்.

"கதவைச் சாத்திட்டு உக்காரும்மா."

உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். நாலாவது வரியில் விரலை வைத்தார். 'புதன்கிழமை காலை, பத்து யு.எஸ்.டி.டி குறைந்திருப்பதைப் பார்த்தேன். பரிமாற்ற எண்ணைத் தேடவில்லை. கட்டணம் என்று தவறாக எழுதி, கட்டத்தைக் கையால் பச்சையாக மாற்றினேன். அன்றே தேடியிருந்தால் வியாழக்கிழமைப் பணம் போயிருக்காது.'

"இது எதுக்கு?"

"நடந்தது சார்."

"நடந்ததுதான், நான் இல்லங்கல. ஆனா அவங்க கேட்டாங்களா? அவங்க ஆளு தப்பு பண்ணியிருக்கான், நாம கண்டுபிடிச்சிருக்கோம். இதுல நாமளே போய் எங்க மேலயும் தப்பு இருக்குன்னு எழுதிக் குடுத்தா நாளைக்கு அறுபதாயிரத்தை எங்கிட்ட கேப்பான். ஐம்பது லட்சம்மா. எங்க பெரியப்பா கடையை வித்தாக் கூட..." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உனக்கு அப்ப உடம்பும் சரியில்ல, மனசும் சரியில்ல. நாந்தான் உன்னை அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருக்கணும். அந்த வரியை எடுத்துரு. யாருக்கும் நஷ்டம் இல்ல."

மேரி அவரைப் பார்த்தாள். நல்ல மனுஷன். ஆஸ்பத்திரிச் செலவுக்கு இருபதாயிரம் கொடுத்துவிட்டு, அதைப் பற்றி அப்புறம் ஒரு நாளும் வாயைத் திறக்காதவர். அவர் முகத்தைப் பார்க்கும்போது அவளுக்கு இரக்கமோ கோபமோ வர வேண்டும். எதுவும் வரவில்லை. வெளியே ருக்சார் அல்வா டப்பாவை மூடிக்கொண்டிருந்தது தெரிந்தது.

"சார், ஷீட்ல இருக்கு. புதன்கிழமை வரியில என் பேர்ல இருக்கு. யாரு எப்ப கலர் மாத்தினாங்கன்னு எல்லாம் அதுல பதிவாகுது. அவங்க தேடினா கிடைக்கும்."

"தேட மாட்டாங்க."

"நான் தேடாததாலதான் சார் போச்சு."

இதைச் சொன்ன விதத்தில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லை. பில் தொகையைப் படிக்கிற மாதிரிதான் சொன்னாள். சுயம்புலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். அப்புறம், "உன் இஷ்டம்" என்றார். கோபமாகச் சொன்னாரா இல்லையா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. தன் மேஜைக்கு வந்து, ஒரு எழுத்தும் மாற்றாமல் சிங்கப்பூருக்கு அனுப்பினாள்.

சாயந்திரம் ஜவஹர் ஆட்டோவோடு வந்து நின்றிருந்தான். ஜி.என். செட்டி ரோடு முழுக்க வண்டிகள் நெருக்கிக்கொண்டு நின்றன. வீட்டுக்குப் போகும்வரை அவள் பேச மாட்டாள் என்று அவனுக்குப் பழகியிருந்தது. அன்று சிக்னலில் நிற்கும்போது அவளே ஆரம்பித்தாள்.

"இன்னிக்கு ஆபீஸ்ல பெரிய பணம் பூட்ச்சு. என்னாலதான்."

"இன்னா சொல்ற? எவ்ளோ?"

சொன்னாள். அவன் திரும்பிப் பார்த்தான். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது.

"உன்னை எதுனா கேட்டானுங்களா?"

"கேக்கல. நானே எழுதிக் குட்த்துட்டேன்."

"வேலை போய்டுமா?"

"தெர்ல."

ஆட்டோ நகர்ந்தது. ஆழ்வார்பேட்டை தாண்டியது. பிறகு கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மேரி, போன மாசம் நானும் ஒண்ணு சொல்லாம வுட்டேன். நீ கேக்கல, நானும் சொல்லல. கொயந்தையை கீழ்ப்பாக்கம் கல்லறையில வெச்சிக்கிறோம். எங்கப்பா பக்கத்துல. செவுத்து ஓரம். பேரு வெக்கல, அதனால நம்ம பேருதான் எழுதிக்கிறாங்க."

"ம்" என்றாள். ராஜா அண்ணாமலைபுரத்தில் வீட்டு வாசலில் இறங்கி, தண்ணீர் லாரி வந்திருந்ததால் இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றாள்.

வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் சிங்கப்பூரிலிருந்து பதில் இல்லை. சுயம்புலிங்கம் அவளிடம் பேசவே இல்லை. ஒன்பது மணிக்கு அவள் ஏழு கணக்கையும் திறந்தாள். வெள்ளிக்கிழமை மூன்றாம் வாலட்டில் இன்னொரு துளி வந்திருந்தது. பரிமாற்ற எண்ணைப் போட்டு, 'போலி முகவரியிலிருந்து வந்தது, தொடக் கூடாது' என்று எழுதினாள். ஒவ்வொரு வரிக்கும் எண் போட்டாள். பச்சையைக் கையால் மாற்றவில்லை. அது தானாக மாறும்வரை காத்திருந்தாள்.

திங்கட்கிழமை ஸ்நேஹா போன் செய்தாள். முதலில் சுயம்புலிங்கத்துக்கு, பிறகு மேரிக்கு.

"உன் ரிப்போர்ட்டை எங்க டைரக்டர் படிச்சாரு. அறுபதாயிரத்தை உங்க மேல போட வேண்டாம்னு முடிவாயிருக்கு. ஆனா இந்த வருஷம் உங்க பீஸ்ல மூணு மாசத்தைக் குறைக்கறாங்க. இன்னொண்ணும் இருக்கு மேரி. ஒரு மாசத்துக்கு இந்த வாலட்டுங்களை ருக்சார் பாப்பா. நீ எக்ஸ்சேஞ்ச் ரெண்டை மட்டும் பாரு. தண்டனைன்னு நெனைக்காத."

"சரி மேடம்."

"எங்க பக்கத்துலயும் மாத்தியிருக்கோம். இனிமே பழைய ஹிஸ்டரியிலிருந்து முகவரி எடுக்கக் கூடாது, பட்டியல்லேர்ந்து மட்டும்தான். டெஸ்ட்டுக்கு ஒரு டாலர் அனுப்பினாலும் அன்னைக்கே எழுதணும். வந்துச்சான்னு போன்ல கேட்டுக்கணும்." கொஞ்சம் தயங்கினாள். "உனக்கு என்ன ஆச்சுன்னு உங்க சார் இப்பதான் சொன்னாரு. எனக்குத் தெரியாது. ஸாரி மேரி."

"பரவால்ல மேடம்" என்றாள் மேரி. சொல்லிவிட்டு, எது பரவாயில்லை என்று யோசித்தாள். போனை வைத்தாள்.

மூன்று மாதத்துக் காசு குறைந்ததில் அந்த வருஷம் யாருக்கும் சம்பளம் ஏறவில்லை. அதற்கு யார் காரணம் என்று எட்டுப் பேருக்கும் தெரியும். இரண்டு பேர் சிறிது நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ருக்சார் வழக்கம்போல டப்பாவில் பாதியை எடுத்து வைத்தாள். சுயம்புலிங்கம் இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் மேஜை பக்கமாக வந்து, "அந்த வரியை நீ எடுத்திருந்தா, இத்தனை நாளும் நான் நிம்மதியாத் தூங்கியிருக்க மாட்டேம்மா" என்று சொல்லிவிட்டு, அவள் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

ஒரு மாதம் முடிந்து வாலட்டுகள் அவளிடமே திரும்பி வந்தன. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வெளியே வந்ததும், "அங்க கூட்டினு போ" என்று ஜவஹரிடம் சொன்னாள். எங்கே என்று அவன் கேட்கவில்லை.

கல்லறைச் சுவர் ஓரத்தில் மண் இன்னும் முழுதாக இறுகவில்லை. மரப்பலகையில் பெயிண்டில் எழுதியிருந்தது: ஜவஹர் – ஆரோக்கியமேரி, குழந்தை. தேதி. அவள் குனிந்து தேதியைப் படித்தாள். ஒருமுறை படித்தாள், மறுபடியும் படித்தாள்.

"இது தப்பா கீது. பதினாலாம் தேதி. பதினைஞ்சுன்னு எழுதிக்கிறான்."

"அப்டியா?" என்றான் ஜவஹர். அவனுக்கே தெரிந்திருக்கவில்லை.

"ஆமா. வெடிகாலைல நாலரை மணி. பதினாலு." அவள் குரல் முதல் முறையாக நடுங்கியது. "பெயிண்ட் கடை எதுனா தொறந்துகினு இருக்குமா பாரு."

ஞாயிற்றுக்கிழமை. இருந்தாலும் அவன் தேடிப் போனான். அவள் மண்ணில் உட்கார்ந்து, வெயில் முதுகில் ஏற ஏற, அவன் வரும்வரை அங்கேயே இருந்தாள்.